போய்விட்டால், போகாவிட்டால்

அந்தத் தாளில் மொத்தம் பதினொரு வரிகள். பத்து வரிகளில் யாருக்கும் பெரிய தகராறு இல்லை. ஏழாவது வரியில்தான் வினை வந்தது. அந்த வரியை எழுதியவள் நான்.

வேலூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம். இரண்டு அறை, நான்கு கம்ப்யூட்டர், மழைக்காலத்தில் மூலையில் ஒரு பக்கெட். ஆஸ்பத்திரிப் படிவங்கள், நிலப் பத்திரங்கள், தோல் கம்பெனிகளின் காகிதங்கள் என்று எது வந்தாலும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கோ தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கோ மாற்றிக் கொடுப்போம். நான் ஆம்பூரிலிருந்து ரயிலில் காட்பாடி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்வருவேன். மொழிபெயர்ப்பதோடு, திருத்தம் பார்ப்பவர்கள் அனுப்பும் மாற்றங்களையெல்லாம் ஒரே படியில் சேர்த்து முடிப்பதும் என் வேலை. எந்தத் திருத்தத்தை எடுத்தேன், எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று ஒரு அட்டவணையில் எழுதிவைக்க வேண்டும். அந்த ‘ஏன்’ என்கிற கட்டத்தை நான் பெரும்பாலும் ஒப்புக்குத்தான் நிரப்புவேன்.

அந்தப் பதினொரு வரித் தாள் ஆம்பூருக்கு வெளியே உள்ள ஒரு தோல் ஆலைக்கானது. ஆலையின் கழிவுநீர் ஒரு ஆழமான தொட்டியில் வந்து தேங்கும். தண்ணீர் போய்விடும், சேறு அடியில் தங்கிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஆட்கள் ஏணி வைத்து இறங்கி, அந்தச் சேற்றை மண்வெட்டியால் வாரி பக்கெட்டில் மேலே அனுப்புவார்கள். சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு வரும், அது ஆளைக் கொல்லும். அந்த ஆலையிடம் தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொட்டியில் இறங்குவதற்கான விதிகளைத் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் தொட்டி பக்கத்திலேயே போர்டாக மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தொட்டி சுத்தம் செய்கிறார்கள், திங்கட்கிழமை கம்பெனி ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் போர்டு அடித்தாக வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை எங்களிடம் வந்தது.

தாளில் ஆலையின் பெயரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தொட்டியில் இறங்கும் நான்கு பேரில் ஒருவன் என் தம்பி. காண்ட்ராக்ட் ஆள். நிரந்தரம் பண்ணுகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தாளை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். என் தம்பிக்கு நானே எழுதுவதுதான் நல்லது என்று ஒரு பெருமை வேறு.

அவ்வளவு பெருமைப்பட்டவள் அந்தப் பதினொரு வரியை இரண்டு டீக்கு நடுவில் முடித்தேன். பம்பை நிறுத்திப் பூட்டவும், புளோயர் போட்டுக் காற்று அடிக்கவும், மீட்டரில் வாயுவை அளக்காமல் இறங்க வேண்டாம், இடுப்பில் கயிறு கட்டவும், யாராவது மயங்கினால் காப்பாற்ற உள்ளே குதிக்க வேண்டாம், கயிற்றால் இழுக்கவும். எல்லாம் சரியாக வந்தது. ஏழாவது வரி ஆங்கிலத்தில் ரொம்பச் சின்னது. லாஸ் ஆஃப் ஸ்மெல், உடனே வெளியேறு, அவ்வளவுதான். நான் இப்படி எழுதினேன்: ‘வாசனை போய்விட்டால் உடனே வெளியேறவும்.’

வியாழக்கிழமை காலையில் இரண்டு திருத்தப் படிகளும் வந்தன. ஒன்று சென்னையிலிருந்து. மொழி சரிபார்க்க அந்த வெளிநாட்டுக் கம்பெனியே வைத்திருக்கும் ஒரு மேடம். அவரை நான் நேரில் பார்த்ததில்லை, ஓரத்தில் அவர் போடும் சிவப்புக் குறிப்புகளை மட்டும் தெரியும். ஒற்று மிகாத இடம்கூட அவர் கண்ணிலிருந்து தப்பாது. ஏழாவது வரியை அவர் இப்படி மாற்றியிருந்தார்: ‘நுகர்வுத் திறன் இழப்பு ஏற்படின் உடனடியாக வெளியேறவும்.’

இன்னொன்று ஆலையிலிருந்து. அங்கே தொட்டி வேலையைப் பார்க்கும் சூப்பர்வைசர், தாளைப் பிரிண்ட் எடுத்து, நீலப் பேனாவால் திருத்தி, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். படத்தின் மூலையில் அவர் கட்டைவிரல் தெரிந்தது. ஏழாவது வரியில் அவர் ‘போய்’ என்பதை மட்டும் அடித்துவிட்டு மேலே ‘போகா’ என்று எழுதியிருந்தார். ‘வாசனை போகாவிட்டால் உடனே வெளியேறவும்.’

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஐயோ, ஒரு இல்லையை விட்டுவிட்டோமே, நல்லவேளை பார்த்துச் சொன்னார் என்று நினைத்தேன். நாற்றம் போய்விட்டால் எதற்கு வெளியே வர வேண்டும்? நாற்றம் போகாமல் இருந்தால்தானே வர வேண்டும்? அவர் எழுதியதுதான் புத்திக்கு எட்டும்படி இருந்தது. நானும் ‘போகாவிட்டால்’ என்று அடித்துவிட்டேன். அட்டவணையில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது, மொழிபெயர்ப்பில் பிழை’ என்றும் எழுதிவிட்டேன்.

அதே வரிக்கு நேராக மேடத்தின் சிவப்பும் இருந்ததால்தான் நின்றேன். ஒரே வரியை இரண்டு பேர் தொட்டால் மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்து வழக்கம். திறந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒருவர் மோப்பம் பிடிக்கும் சக்தி போனால் வெளியே வா என்கிறார். இன்னொருவர் நாற்றம் போகாவிட்டால் வெளியே வா என்கிறார். அதாவது போய்விட்டால் உள்ளேயே இரு என்கிறார். அந்த வாயுவைப் பற்றி ஆலை கொடுத்திருந்த ரசாயனக் குறிப்பையும் தேடி எடுத்துப் படித்தேன். வாயு கம்மியாக இருக்கும்போது நாறும், ஜாஸ்தியானால் மூக்கின் நரம்பு வேலை செய்யாது, நாற்றம் தெரியாது, ஆகவே நாற்றத்தை நம்ப வேண்டாம் என்று இருந்தது.

அந்த வரியில் அப்போது ‘போகாவிட்டால்’ என்று நானே அடித்தது இருந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் மறுநாள் அது போர்டு அடிக்கும் கடைக்குப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என் தம்பி அதைப் படித்துவிட்டு, நாற்றம் போன பிறகு நிம்மதியாகச் சேறு வாரியிருப்பான். நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

எங்கள் முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

“கிளையண்ட் சைடுல இன்னா சொல்றாங்களோ அதை வையும்மா. அவங்கதான் ஃபைனல். அவர் கையெழுத்து இல்லாம போர்டே அடிக்க முடியாது.”

“சார், அவர் மாத்தினது தப்பு சார். அர்த்தமே தலைகீழா போய்டுது.”

“மேடமும் கிளையண்ட்தானே? அப்ப ரெண்டு கிளையண்ட்டு. பேஜார்தான். நீயே பேசி முடிச்சிடு. நாளைக்கு மூணு மணிக்கு கடைக்காரன் கையில இருக்கணும்.”

பேசி முடிப்பது என்றால் யாரிடம்? மேடத்தின் வரியை அப்படியே வைத்துவிடலாம். பொருள் சரி. அதற்கு சூப்பர்வைசர் கையெழுத்துப் போட மாட்டார், போட்டாலும் தொட்டி ஓரத்தில் நின்று படிப்பவனுக்கு ‘நுகர்வுத் திறன் இழப்பு’ புரியுமா? சூப்பர்வைசரோடு மோதலாம். அவர் நினைத்தால் என் தம்பியை நாளைக்கே நிறுத்தலாம். இவள் யார், யாருடைய அக்கா என்று விசாரிக்க ஆம்பூரில் எவ்வளவு நேரம் ஆகும்? வேலை போகுமே என்கிற பயம் ஒரு பக்கம், உயிர் போகுமே என்கிற பயம் ஒரு பக்கம். இதில் எந்தப் பயம் பெரியது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் யோசித்தேன். அதுவும் ரயிலில் ஆம்பூர் வரும்வரை யோசித்தேன். அதற்காக இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

விதிகளை எழுதிய வெளிநாட்டுக் கம்பெனிக்கு மத்தியானமே ஒரு கேள்வி அனுப்பியிருந்தேன். இந்த வரியில் போவது நாற்றமா, முகரும் சக்தியா, தெளிவாகச் சொல்லவும் என்று. அவர்களுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும்.

அன்று சாயந்திரம் தம்பி வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தான். அம்மா அவனுக்குத் தட்டில் உப்புமா வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு தாளில் மூன்று வரிகளையும் எழுதிக்கொண்டு போய் அவன் முன்னால் உட்கார்ந்தேன். படித்துப் பார்க்கிறவனுக்கு என்ன புரிகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டான்.

“இதைப் படி. தொட்டிகிட்ட போர்டுல எழுதியிருந்தா இன்னா செய்வேன்னு சொல்லு.”

முதலில் மேடத்தின் வரி. எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“இன்னாக்கா இது, கோர்ட் நோட்டீஸா? இழப்புன்னா நஷ்டஈடு ஏதாச்சும் தர்றாங்களா?”

அடுத்தது நான் எழுதியது. இரண்டு தடவை படித்தான். “இது தப்பா அடிச்சிட்டாங்க. வாசனை போய்ட்டா நல்லதுதானே? அப்ப எதுக்கு வெளிய வர்றது?”

மூன்றாவது, சூப்பர்வைசருடையது. “ஆங், இது கரெக்ட். இதான் நாங்க செய்யறது. மூடியத் தொறந்து போட்டு, நாத்தம் போனதும் எறங்குவோம். எறங்குன பின்னாடி ஜாஸ்தியா வந்தா மேல ஏறிடுவோம்.”

சரியான வரி அவனுக்குப் புரியவில்லை. புரிந்த வரி அவனைக் கொல்லும். நான் ரசாயனக் குறிப்பில் படித்ததைச் சொன்னேன். மூக்கே வேலை செய்யாமல் போய்விடும், நாற்றம் இல்லை என்று தோன்றும், அப்போதுதான் ஆபத்து ஜாஸ்தி என்றேன். அவன் சிரித்தான்.

“உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்க்கா. பஸ்ல ஜன்னல் சீட்டுல உக்காரக்கூட பயம். எத்தினி தடவ எறங்கியிருக்கேன், இன்னா ஆச்சு?”

“மயங்கி விழுந்தியே, அது?” என்றாள் அம்மா அடுப்பு பக்கமிருந்து.

“அது வெயில்ல, தோல் காயப்போடற யார்டுலம்மா. பசி மயக்கம். சூப்பர்வைசரே சொன்னாரு, குளுக்கோஸ் பாக்கெட் குடுத்து அனுப்பினாரு.”

“அதான் சொல்றேன். சாப்பிடாம போகாத” என்று அம்மா இன்னொரு கரண்டி உப்புமா வைத்தாள். போன வருடம் அந்த மயக்கத்துக்குப் பிறகு அவள் இப்படித்தான். இரண்டு கரண்டி வைக்கிற இடத்தில் மூன்று வைப்பாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் அலுவலகம் போனபோது வெளிநாட்டிலிருந்து பதில் வந்திருந்தது. இரண்டே வரி. போவது முகரும் சக்தி, நாற்றம் அல்ல. அந்த நிலையில் ஒரு நிமிடம்கூட உள்ளே இருக்கக் கூடாது. சரி, பொருள் யார் பக்கம் என்கிற சந்தேகம் தீர்ந்தது. சூப்பர்வைசரின் ‘போகா’வை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மேடத்தின் வரியையும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கால் மரத்துப்போவது போல மூக்கு மரத்துப்போவது என்று சொன்னால் தம்பிக்குப் புரியும் என்று ரயிலில் தோன்றியிருந்தது. எழுதினேன்.

‘அடித்துக்கொண்டிருந்த நாற்றம் திடீரென்று தெரியாமல் போனால், வாயு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மூக்கு மரத்துப்போய்விட்டது. உடனே மேலே ஏறு.’

அதை மேடத்துக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். குரல் நான் நினைத்ததைவிட மென்மையாக இருந்தது. தம்பி நஷ்டஈடா என்று கேட்டதைச் சொன்னேன், யாரோ ஒரு தொழிலாளி கேட்டதாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நம்ம சொல் பட்டியல்ல நுகர்வுத் திறன்னுதான் இருக்கு. எல்லா ஆலைக்கும் அதான் போகுது” என்றார். பிறகு “எல்லா ஆலைக்கும் இதே வார்த்தைதான் போயிருக்கு” என்று இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை வேறு மாதிரி கேட்டது.

“மேடம், உங்க அர்த்தத்தைத்தான் வெச்சிருக்கேன்.”

“தெரியுது. நீங்க எழுதினதே இருக்கட்டும். பட்டியலையும் மாத்தணும், நான் எழுதறேன். ‘ஏறு’ மட்டும் வேண்டாம். மத்த வரியெல்லாம் ‘வும்’ல முடியுது. ‘ஏறவும்’னு போடுங்க. ‘வாசனை’ய ‘நாற்றம்’னு மாத்தினீங்களே, அது ரொம்ப சரி.”

அப்படிப்பட்ட நேரத்திலும் ‘வும்’. ஆனால் அவர் சொன்னது சரிதான், மாற்றினேன். சூப்பர்வைசரின் மற்றத் திருத்தங்களையும் எடுத்துக்கொண்டேன். நான் ‘கண்காணிப்பு உதவியாளர்’ என்று எழுதியதை அவர் ‘மேலே நிற்கும் ஆள்’ என்று மாற்றியிருந்தார். அதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியாது. ஒரு திருத்தம் தப்பு என்பதற்காக அந்த ஆளின் திருத்தமெல்லாம் தப்பாகிவிடாது. இதை நான் புதியவர்களுக்கு வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன். எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

மீதி இருந்தது அந்த ஒரு போன். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நம்பரைப் போட்டுவிட்டு இரண்டு தடவை வெட்டினேன். மூன்றாவது தடவை அவரே திருப்பிக் கூப்பிட்டுவிட்டார். பின்னால் தோல் பதனிடும் டிரம் சுற்றும் சத்தம் கேட்டது.

“யாரும்மா? மிஸ்டு கால் குடுத்துனே இருக்கே?”

வேலூர் அலுவலகம் என்று சொன்னேன். ஏழாவது வரியில் நீங்கள் செய்த மாற்றத்தை எடுத்துக்கொள்ள முடியவில்லை சார் என்றேன்.

“ஏன்? தப்பா எழுதிட்டீங்க, நான் திருத்தினேன். ஒரு ‘இல்ல’ உட்டுப் போச்சு. இதுல இன்னா இருக்கு?”

“உட்டுப் போகல சார். இங்கிலீஷ்லயே அப்படித்தான். மூக்கு வேல செய்யாம போய்டும்னு...”

“இரும்மா. இருபது வருஷமா நான் அந்தத் தொட்டியப் பாக்கறேன். அத எழுதின வெள்ளக்காரன் ஒரு தடவ எறங்கியிருப்பானா? நாத்தம் போனா எறங்கறோம், நாத்தம் வந்தா ஏறறோம். இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. நீ எழுதறதப் பார்த்தா, நாத்தம் போனதும் எல்லாவனும் வேலய உட்டுட்டு மேல வந்து உக்காந்துப்பான். சேறு யார் வார்றது?”

அவர் கெட்டவர் இல்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது. அவர் தன் ஆட்களைக் கயிறு கட்டாமல் இறக்கியதே இல்லை என்று தம்பி சொல்லியிருக்கிறான். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. கெட்டவர் என்றால் சண்டை போடலாம். நல்லவர் இருபது வருட அனுபவத்தோடு தப்பாக இருந்தால் என்ன செய்வது?

நான் கேட்டேன். “சார், உள்ள வேல செய்யறப்போ யாராச்சும் ‘நாத்தம் போச்சு’ன்னு சொல்லியிருக்காங்களா?”

“ஏன் சொல்லாம? சொல்லுவானுங்க. போன வருஷம்கூட ஒருத்தன். அடிச் சேத்தக் கலக்கிட்டிருந்தான். ‘சார், நாத்தமே இல்ல சார், சூப்பர்’னான். ரெண்டு நிமிஷத்துல அப்படியே உக்காந்துட்டான். நல்லவேள, கயிறு இருந்துச்சு, நாலு பேரா இழுத்துப் போட்டோம். கழனிப் பக்கமா காத்தாடப் படுக்க வெச்சதும் எழுந்துட்டான். அது வெஷ வாயு இல்லம்மா. காலைல சாப்பிடாம வந்திருக்கான், பசி மயக்கம். நான்தான் குளுக்கோஸ் வாங்கிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.”

குளுக்கோஸ் என்றதும் அது என் தம்பி என்று தெரிந்துவிட்டது. யார்டில், வெயிலில் என்று சொன்னானே. அம்மா பயப்படுவாள் என்று தொட்டியை யார்டு ஆக்கியிருக்கிறான். அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். அடுப்பில் நின்றது நான். மயக்கம் என்று அவன் குளுக்கோஸ் பாக்கெட்டோடு வந்தபோது, சாப்பிட்டுத்தானே போனான் என்று ஒரு தடவை சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

“சார்” என்றேன். “அவன் சாப்பிட்டுட்டுதான் வந்தான். நாலு தோச. நான்தான் ஊத்திப் போட்டேன்.”

அவர் டிரம் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்துவிட்டார் போல, குரல் தெளிவாகக் கேட்டது.

“நீ யாரும்மா?”

“அவனோட அக்கா.”

சொல்லிவிட்டேன். இனி வேலை போனாலும் போகட்டும் என்று தைரியமாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அழுதுகொண்டிருந்தேன்.

அவர் குரல் அடங்கியிருந்தது. “நாலு தோசயா?”

“ஆமா சார்.”

“அப்ப அன்னிக்கி அவனுக்கு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, “இப்ப இன்னா எழுதியிருக்கே, படி” என்றார்.

படித்தேன். மூக்கு மரத்துப்போய்விட்டது என்ற இடத்தில் “ம்” என்றார். அனுப்பு, பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டார்.

இரண்டரை மணிக்குப் படம் வந்தது. அடியில் கையெழுத்து, அதே நீலப் பேனா. ஏழாவது வரியில் அவர் எதையும் அடிக்கவில்லை. அதன் கீழே கோணல்மாணலாக ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘நாத்தம் போச்சு என்று உள்ளே யார் ஒருவன் சொன்னாலும் எல்லாரும் ஏறவும்.’

மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். நான் மேடத்துக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘வைத்துக்கொள்ளவும். கம்பெனிக்கு நான் தெரிவிக்கிறேன்’ என்று எழுதியிருந்தார். ‘நாத்தம்’ என்பதைக்கூட அவர் ‘நாற்றம்’ என்று திருத்தவில்லை. அட்டவணையின் ‘ஏன்’ கட்டத்தில் நான் முதலில் எழுதிய ‘மொழிபெயர்ப்பில் பிழை’யை அழித்துவிட்டு, ‘ஏற்கவில்லை. இந்த மாற்றத்தால் ஆள் சாகலாம்’ என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் உண்மையான காரணம் அது. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போர்டு கடைக்கு அனுப்பினேன்.

போர்டு போய்விட்டதால் பயம் போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே தம்பி கிளம்பிவிட்டான். போகாதே என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவன் சிரித்திருப்பான். நான் துணி துவைத்தேன், துவைத்ததையே திரும்பவும் நனைத்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன். நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு, அன்றைக்கென்று மூன்று போயின. போர்டில் எழுதியதை அவன் படிப்பானா? படித்தால் நம்புவானா? என்னையே நம்பாதவன் ஆயிற்றே.

மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தான். சட்டை சுத்தமாக இருந்தது. சேறு ஒட்டவே இல்லை.

“எறங்கல” என்றான், நான் கேட்பதற்கு முன்பே. “சூப்பர்வைசர் பீரோல வெச்சிருந்த மீட்டர எடுத்துனு வந்து சார்ஜ் போட்டு வெச்சிருந்தாரு. கயித்துல கட்டி உள்ள உட்டாரு, அது கத்த ஆரம்பிச்சிச்சு. புளோயர் போட்டு மூணு மணி நேரம் உக்காந்திருந்தோம். திரும்ப உட்டாரு, திரும்பவும் கத்துச்சு. நம்மால ஆகாது, மெஷின் வண்டி வெச்சு உறிஞ்சிக்கலாம்னு சொல்லி எங்கள அனுப்பிட்டாரு.”

“நாத்தம் இருந்ததாடா?”

அவன் அம்மா வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான், சாப்பிடவில்லை.

“காலைல இருந்திச்சு. அப்புறம் இல்ல. மேல நின்னுனு இருக்கேன், எனக்கு ஒண்ணுமே தெரியல. நல்லாத்தான் இருந்திச்சு. மீட்டர் மட்டும் கத்திட்டே இருந்திச்சு.”

கையில் சோற்றை எடுத்தவன் அப்படியே வைத்திருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல், அம்மாவுக்குக் கேட்காதபடி கேட்டான்.

“அக்கா, போன வருஷம் அன்னிக்கி, நான் சாப்பிட்டுட்டுதானே போனேன்?”

“நாலு தோச” என்றேன்.